காட்டுத் தீயும் ஒரு சதுர மீட்டர் சருகும்

வடக்கு ஆஸ்திரேலியாவில், ககாடு தேசியப் பூங்காவுக்குள் கபால்கா என்ற இடத்தில் 1990 முதல் 1994 வரை ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. வறண்ட காட்டைப் பல பகுதிகளாகப் பிரித்தார்கள். சில பகுதிகளில் மழை ஓய்ந்த சில வாரங்களிலேயே தீ வைத்தார்கள். வேறு சிலவற்றில் வறட்சி முற்றும் வரை காத்திருந்து வைத்தார்கள். முன்பருவத் தீயின் சராசரி வலிமை, தீ முகத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 2,100 கிலோவாட். பின்பருவத்தில் அது சுமார் 7,700 கிலோவாட். காடு ஒன்றுதான், மரங்களும் அவையேதான். மூன்று, நான்கு மாத இடைவெளியில் தீ மூன்றரை மடங்குக்கு மேல் வலுத்துவிட்டது.

இந்த வித்தியாசத்துக்கு வெயில்தான் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. புல் காய்ந்ததும், மரங்கள் இலை உதிர்த்ததும், காற்றின் ஈரப்பதம் இறங்கியதும் எல்லாம் சேர்ந்தே இதைச் செய்தன. இவை ஒன்றோடொன்று கூடுவதில்லை, பெருகுகின்றன. காட்டுத் தீயைப் பற்றிப் புரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இந்தப் பெருக்கல்தான். காட்டோரம் வாழும் மக்கள் எதைச் செய்தால் பயன் உண்டு, எது வீண் வேலை என்பதும் அதிலிருந்தே தெளிவாகும்.

மூன்று எண்களின் பெருக்கல்

ஜார்ஜ் பைரம் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1959இல் தந்த சூத்திரம் இன்றும் உலகம் முழுவதும் பயன்பாட்டில் இருக்கிறது. தீ முகத்தின் ஒரு மீட்டர் நீளத்தில் ஒவ்வொரு நொடியும் எவ்வளவு வெப்பம் வெளியாகிறது என்று அது கணக்கிடுகிறது. அதற்கு மூன்று எண்கள் போதும். ஒரு கிலோ சருகு எரிந்தால் வரும் வெப்பம் முதல் எண். ஒரு சதுர மீட்டரில் எரியும் சருகின் எடை இரண்டாவது. தீ முன்னேறும் வேகம் மூன்றாவது. முதல் எண் எந்தத் தாவரமானாலும் அதிகம் மாறாது. கிலோவுக்குச் சுமார் 18,000 கிலோஜூல் என்று வைத்துக்கொள்ளலாம். மிச்சம் இரண்டில், எடை என்பது காடு சேர்த்து வைத்தது. வேகத்தைப் பெரும்பாலும் வானிலையும் நிலத்தின் சரிவும் முடிவு செய்கின்றன.

எடையை அளக்க ஆய்வகம் வேண்டாம். அரை மீட்டருக்கு அரை மீட்டர் அளவில் ஒரு சட்டம் செய்து, காட்டின் ஓரத்தில் கண்ணுக்குப் பிடித்த இடமாகத் தேர்ந்தெடுக்காமல் பத்து இடங்களில் போட வேண்டும். சட்டத்துக்குள் கிடக்கும் சருகு, புல், பென்சிலைவிட மெல்லிய சுள்ளி ஆகியவற்றை மட்டும் வாரி, வெயிலில் நன்றாக உலர்த்தி எடை போட வேண்டும். அடியில் மக்கி மண்ணோடு கலந்துவிட்டதை எடுக்க வேண்டியதில்லை. பருமனான கட்டைகளையும் எடுக்க வேண்டியதில்லை. சராசரி 200 கிராம் வந்தால், நான்கால் பெருக்கி, சதுர மீட்டருக்கு 800 கிராம். ஹெக்டேர் கணக்கில் இது 8 டன். வறண்ட இலையுதிர் காட்டில் இது வியப்பான அளவு இல்லை.

இந்த 800 கிராமை வைத்து ஒரே காட்டின் மூன்று நிலைமைகளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். காற்றில்லாத காலையில், சமதரையில், தீ நிமிடத்துக்கு ஒரு மீட்டர் நகர்கிறது என்று கொள்வோம். வலிமை மீட்டருக்கு 240 கிலோவாட். சுடரின் நீளம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதே நாள் பிற்பகலில் சருகு இன்னும் காய்ந்து, காற்றும் வீசி, வேகம் நிமிடத்துக்கு ஐந்து மீட்டர் ஆகிறது. இப்போது 1,200 கிலோவாட், சுடர் இரண்டு மீட்டர். அந்தத் தீயே 20 டிகிரி சரிவில் மேல்நோக்கி ஏறினால் வேகம் இன்னும் நான்கு மடங்காகலாம். அப்போது 4,800 கிலோவாட்; சுடர் நான்கு மீட்டரைத் தொடும்.

இந்த எண்களுக்குப் பக்கத்தில் மனித உடலின் எல்லையை வைக்க வேண்டும். சுடர் சுமார் 1.2 மீட்டருக்குள், அதாவது 350 கிலோவாட்டுக்குள் இருக்கும்வரை மண்வெட்டியும் தழைக்கொத்தும் கொண்ட ஆட்கள் தீயின் முகத்துக்கே போய் அடித்து அணைக்க முடியும். அதற்கு மேல் வெப்பம் நெருங்க விடாது. தண்ணீர் வண்டியும் மண் தள்ளும் இயந்திரமும் தேவைப்படும். சுடர் 2.4 மீட்டரைத் தாண்டினால் அவையும் தீயின் முகத்தில் நம்பத்தக்கவை அல்ல. ஆகவே மேலே சொன்ன காலைத் தீயை நாலைந்து பேர் அணைத்துவிடலாம். பிற்பகல் தீயை நாற்பது பேர் வந்தாலும் எதிரே நின்று அணைக்க முடியாது.

இப்போது எடையை மட்டும் மாற்றுவோம். ஊரை ஒட்டிய ஒரு பட்டையில் சருகை வாரி, சதுர மீட்டருக்கு 200 கிராமாகக் குறைத்துவிட்டோம். பிற்பகல் காற்றும் அதே, வேகமும் அதே ஐந்து மீட்டர் என்று கண்டிப்பாகவே வைத்துக்கொள்வோம். வலிமை 300 கிலோவாட்டுக்கு இறங்குகிறது. சுடர் ஒரு மீட்டர் சொச்சம். ஆட்கள் அருகே நிற்க முடிகிற தீ. வானிலையில் எதையும் மாற்றாமல், முடியாததை முடிகிறதாக மாற்றியது அந்த 600 கிராம்தான். ஆனால் 20 டிகிரிச் சரிவில் இதே 200 கிராம், 1,200 கிலோவாட்டைத் தருகிறது. அங்கே வாரியது போதாது.

எது எரிபொருள், எது இல்லை

காட்டில் கிடப்பதெல்லாம் ஒரே வகை எரிபொருள் அல்ல. விழுந்து கிடக்கும் பெரிய மரத்தைப் பார்த்து மக்கள் பயப்படுகிறார்கள். காலடியில் நொறுங்கும் சருகைக் கவனிப்பதில்லை. தீயை முன்னே கொண்டு போவது சருகுதான். காரணம், ஈரம் எவ்வளவு விரைவாக ஏறி இறங்குகிறது என்பதில் இருக்கிறது. உதிர்ந்த இலையும் புல்லும் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்துக்குச் சுமார் ஒரு மணி நேரத்தில் இணங்கிவிடும். விரல் பருமன் சுள்ளிக்கு ஏறக்குறைய பத்து மணி நேரம் ஆகும். மணிக்கட்டு அளவுக் கொம்புக்கு நான்கு நாட்கள். தொடை பருமன் கட்டைக்கு நாற்பது நாட்கள்கூட ஆகும். எனவே காலையில் பனியில் நனைந்து பதமாக இருந்த சருகு, நண்பகலில் வெடிமருந்துபோலத் தயாராக இருக்கும். கட்டை நேற்றும் இன்றும் நாளையும் கிட்டத்தட்ட ஒரே நிலையில்தான் இருக்கும்.

இந்த ஒரு மணி நேரக் கணக்குதான் வானிலை காட்டுக்குள் நுழையும் வாசல். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதமாக இருந்தால், 30 டிகிரி வெப்பத்தில் மெல்லிய சருகில் அதன் உலர் எடையில் சுமார் 11 சதவீதம் தண்ணீர் தங்கும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு விழுந்தால் சருகில் 5 சதவீதத்துக்கும் குறைவாகவே தண்ணீர் இருக்கும். தீப் பிடிக்க வேண்டுமானால் முதலில் இந்தத் தண்ணீர் ஆவியாக வேண்டும். அது முடிந்த பிறகே இலை சூடேறி எரிவாயுவை வெளியிடும். தண்ணீர் கூடக் கூட இந்த வேலைக்கு வெப்பம் செலவாகி, 25, 30 சதவீத அளவில் பெரும்பாலான சருகுப் படுகைகளில் தீ தானே நின்றுவிடும். சோதித்துப் பார்க்க எளிய வழி, ஒரு பிடி சருகைக் கசக்குவது. மடங்கி வளைந்தால் ஈரம் மிச்சமிருக்கிறது. சலசலத்துப் பொடியானால் நிலைமை மோசம். ஆனால் நிழலில் எடுத்த சருகைக் கொண்டு வெயில் படும் சரிவைப் பற்றி முடிவு செய்யக் கூடாது. வெயிலில் கிடக்கும் இலை காற்றைவிடச் சூடாக இருக்கும். அதனால் காற்றின் அளவு காட்டுவதைவிட அதிகமாகக் காய்ந்திருக்கும். பிற்பகல் வெயில் நேராக விழும் சரிவுகள் இதனால்தான் மற்றவற்றைவிட முந்திக்கொண்டு எரிகின்றன.

வெப்பம் 30 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழ், காற்று மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் என்றால் ஆபத்து என்று ஒரு வாய்பாடு பல நாடுகளில் புழங்குகிறது. மனதில் நிற்கிறது என்பதைத் தவிர அதற்குப் பெரிய பெருமை இல்லை. வெப்ப மண்டலத்து வறண்ட காட்டில் 30 டிகிரி என்பது சாதாரண நாள். அங்கே அந்த முதல் 30 எதையும் சொல்லாது. வெப்பநிலையைவிட ஈரப்பதத்தையும் காற்றையும் பார்ப்பதே நல்லது. அவற்றிலும் நாள் சராசரியைப் பார்க்காமல் பிற்பகல் இரண்டு மணி நிலவரத்தைப் பார்க்க வேண்டும். இரவில் ஈரப்பதம் எவ்வளவு மீள்கிறது என்பது இன்னொரு நல்ல அறிகுறி. இரவிலும் 40 சதவீதத்தைத் தாண்டாவிட்டால், மறுநாள் காலையில் சருகு காய நேரமே தேவைப்படாது. அப்போது ஆபத்தான நேரம் காலை எட்டு, ஒன்பது மணிக்கே தொடங்கிவிடும்.

மழை பற்றி ஒரு முரண். மழை பொய்த்த ஆண்டுதான் தீக்கு உகந்தது என்று தோன்றும். புல் நிறைந்த வறண்ட காடுகளில் பல சமயம் நேர்மாறாக நடக்கிறது. நல்ல மழை பெய்தால் புல் இடுப்பளவு வளர்கிறது. மழை நின்றதும் அத்தனையும் காய்கிறது. மழை குறைந்த ஆண்டில் காய்வதற்கே புல் இருப்பதில்லை. இடையிடையே வெறும் மண் தெரியும், தீ தாவ முடியாது. அடர்ந்த ஈரக் காட்டில் எரிய எப்போதும் பொருள் உண்டு, காய்வதுதான் அபூர்வம். வறண்ட காடு ஆண்டுதோறும் காய்ந்துவிடும். அந்த ஆண்டு எவ்வளவு விளைந்தது என்பதுதான் அங்கே கேள்வி. மழைக்காலம் முடியும்போதே வரப்போகும் தீப் பருவத்தின் பாதிக் கணக்கு எழுதப்பட்டிருக்கும்.

காற்று திரும்பும்போது

காற்று சுடரைச் சாய்க்கிறது. சாய்ந்த சுடர் தனக்கு முன்னால் கிடக்கும் சருகை முன்கூட்டியே சூடாக்கிக் காயவைக்கிறது. சரிவும் இதையே செய்கிறது. மேட்டை நோக்கி ஏறும் தீக்கு, எரியாத சருகு சுடருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது களத்தில் நம்பப்படும் கணக்கு. மேலே நான் 20 டிகிரிக்கு நான்கு மடங்கு வைத்தது அதனால்தான். 1949 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில், மரங்களுக்கிடையே எரிந்துகொண்டிருந்த தீ காய்ந்த புல் சரிவுக்குத் தாவியது. மேல்நோக்கி ஓடிய தீயணைப்பாளர்களில் 13 பேர் உயிரிழந்தார்கள். பயிற்சி பெற்ற இளைஞர்கள் அவர்கள். செங்குத்துச் சரிவில் புல் தீ மனிதனைவிட வேகமாக ஓடும். தீக்கு மேலே, சரிவில், எரியாத புல்லுக்கு நடுவே யாரும் நிற்கக் கூடாது என்ற விதிக்கு விலக்கே கிடையாது.

காற்று திசை மாறுவது இன்னும் கொடியது. ஒரு திசையில் ஓடும் தீயின் முகம் குறுகலாக இருக்கும். இரு பக்கவாட்டுகளும் நீளமாக, சோம்பலாக எரிந்துகொண்டிருக்கும். காற்று திரும்பினால் அந்த நீண்ட பக்கவாட்டு முழுவதும் ஒரே நேரத்தில் புதிய முகமாகிவிடும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2009 பிப்ரவரி 7 அன்று நடந்தது இதுதான். அன்று மெல்போர்னில் 46.4 டிகிரி வெப்பம். பகலெல்லாம் வடக்கிலிருந்து வீசிய காற்று மாலையில் தென்மேற்காக மாறியது. கிலோமீட்டர் கணக்கில் நீண்டிருந்த தீயின் விளிம்பு பக்கத்து ஊர்களை நோக்கித் திரும்பியது. அந்த நாளின் தீயில் 173 பேர் இறந்தார்கள். வெப்பம் எவ்வளவு என்று எச்சரித்தால் போதாது. காற்று எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திரும்பும் என்பதையும் மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

சருகைக் குறைத்தால் என்ன ஆகும், என்ன ஆகாது

எரிபொருளைப் பாதியாக்கினால் வேகமும் பாதியாகும், ஆகவே வலிமை காலாகும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஆலன் மெக்ஆர்தர் 1960களில் முன்வைத்த விதி நீண்ட காலம் வேதவாக்காக இருந்தது. பின்னர் மேற்கு ஆஸ்திரேலியாவில் வெஸ்டா என்ற பெயரில் நடந்த பெரிய பரிசோதனைகள் அதை அசைத்தன. எடை மட்டுமே வேகத்தைத் தீர்மானிப்பதில்லை. தரைக்குச் சற்று மேலே நிற்கும் புல், குற்றுச்செடி, அவற்றில் தொங்கும் உதிர்ந்த இலைகள் ஆகியவற்றின் உயரமும் தொடர்ச்சியும்தான் முக்கியம் என்று தெரிய வந்தது. காற்று நுழையும்படி எழும்பி நிற்கும் 300 கிராம், தரையில் அமுங்கிக் கிடக்கும் 300 கிராமைவிட ஆபத்தானது. நம் கணக்கில் வேகத்தைக் குறைக்காமல் எடையை மட்டும் குறைத்துப் பார்த்ததற்கு இதுவும் காரணம்.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் பெரியது. கை வலிமை குறைவாக இருந்தால் முதலில் வெட்ட வேண்டியது, தரைச் சருகையும் மரக்கிளையையும் இணைக்கும் நடு அடுக்கை. உண்ணிச்செடி போன்ற புதர்கள் மரத்தடியில் ஏணிபோல நின்று, தரைத் தீயை உச்சிக்கு ஏற்றிவிடுகின்றன. புதரை அகற்றி, தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரம்வரை காய்ந்த கீழ்க்கிளைகளைக் கழித்துவிட்டால் தரைத் தீ தரையோடு நிற்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் பெரிய மரங்களை வெட்டக் கூடாது. தீத்தடுப்பு என்ற பெயரில் நிழல் தரும் மரங்களைச் சாய்ப்பது நான் பார்த்தவரை மிகச் சாதாரணமான தவறு. நிழல் போனால் வெயில் தரையைத் தொடும், சருகு இன்னும் காயும், காற்று தடையில்லாமல் புகும், அடுத்த மழையில் அந்த இடமெல்லாம் புல்லாகும். ஒரு பங்கு எரிபொருளை எடுத்து, மூன்று பங்கு ஆபத்தைக் கொண்டுவந்தது போலாகும்.

கோடு எங்கே, எப்போது

காடு முழுவதையும் பெருக்க முடியாது; பெருக்கவும் கூடாது. மண்ணுக்கு அந்தச் சருகு வேண்டும். வேலை செய்ய வேண்டிய இடங்கள் மூன்றுதான்: சாலையோரம், ஊரை ஒட்டிய விளிம்பு, மேட்டின் முகடு. சாலையோரத்தில்தான் பெரும்பாலான தீ தொடங்குகிறது. ஊர் விளிம்பில்தான் ஆட்கள் நின்று அணைக்க வேண்டியிருக்கும். முகட்டில் தீ தன் வேகத்தை இழக்கிறது, ஏனென்றால் அதன் பிறகு அது இறங்கியாக வேண்டும். சரிவின் நடுவே குறுக்காகக் கோடு போடுவது பாதி வீண். எரிந்துகொண்டே உருளும் கட்டையும் கங்கும் அதைத் தாண்டிக் கீழே போய்விடும், மேலே வரும் தீயின் சுடரும் அதன்மேல் வளையும்.

தீத்தடுப்புக் கோடு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரே எண் இல்லை. வடக்கு ஆஸ்திரேலியாவில் புல் தீயை வைத்துச் செய்த கள ஆய்வுகள் இரண்டு விஷயங்களைத் தெளிவாகக் காட்டின. தீயின் வலிமை கூடினால் அகலமும் கூட வேண்டும். கோட்டிலிருந்து 20 மீட்டருக்குள், தீ வரும் பக்கத்தில் மரம் இருந்தால் கோடு உடையும் வாய்ப்பு மிகவும் அதிகம். புல் மட்டும் எரிந்தால் கங்கு சீக்கிரம் அணைந்துவிடும். மரப்பட்டையும் இலையும் எரிந்தபடியே பறந்து மறுபக்கம் விழும். எனவே காட்டுக்குள் போடும் கோடு தானாகத் தீயை நிறுத்தும் மதில் அல்ல. ஆட்கள் நின்று, எதிர்ப்பக்கம் விழும் கங்குகளை உடனுக்குடன் மிதித்து அணைக்க உதவும் தளம் அது. ஆளில்லாத கோட்டை நம்பி வீட்டுக்குப் போவது வழக்கமான ஏமாற்றம்.

காலம் தவறுவதும் அடிக்கடி நடக்கிறது. மழை நின்றதும் உற்சாகமாகக் கோட்டைச் சுத்தம் செய்வார்கள். வறண்ட இலையுதிர் காட்டில் முக்கியமான இலைப்பொழிவு அதன் பிறகுதான் நடக்கும். சில வாரங்களில் சுத்தமான கோட்டின் மேல் புதுச் சருகு ஒரு படுக்கையாக விழுந்து, பழையபடி ஆகிவிடும். பதிவேட்டில் மட்டும் கோடு இருக்கும். சரியான முறை, புல்லையும் புதரையும் முன்னதாக வெட்டிவிட்டு, இலைப்பொழிவு பெரும்பாலும் முடிந்ததும் சருகை வாருவது, தீப் பருவம் முடியும் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்ப வாருவது. நடுவில் ஒரு முழ அகலமாவது மண் தெரிய வேண்டும். வாரிய குவியலைக் கோட்டின் ஓரத்திலேயே விட்டுவிட்டுப் போவது இன்னொரு பிழை. தீ வந்தடைகிற இடத்தில் சதுர மீட்டருக்குப் பத்து கிலோவைச் சேர்த்து வைத்தது போல அது. குவியலைத் தள்ளிக் கொண்டுபோய் மக்க வைக்க வேண்டும். முடியாவிட்டால் காட்டின் உட்பக்கம் மெலிதாகப் பரப்பிவிட வேண்டும்.

முன்பருவத்தில் சிறிய தீ வைத்து எரிபொருளைக் குறைக்கும் வழக்கம் ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களிடம் மிகப் பழமையானது. 2006 முதல் மேற்கு ஆர்ன்ஹெம் லேண்டில் அவர்களே அதைப் பெரிய அளவில் நடத்துகிறார்கள். புல் பாதி பச்சையாக இருக்கும்போது வைத்த தீ, எரியாத இடங்களைத் திட்டுத் திட்டாக விட்டுவிட்டு, இரவுப் பனியில் தானே அணைந்துவிடும். இதைப் படித்துவிட்டு யாரும் தீப்பெட்டியோடு கிளம்பக் கூடாது. வனத்துறையின் அனுமதியும் அவர்கள் ஆட்களும் இல்லாமல் வைப்பது பெரும்பாலான நாடுகளில் குற்றம். மேலும் புல் எரியும் காட்டுக்குப் பொருந்துவது, இளங்கன்றுகள் வளரும் இலைச்சருகுக் காட்டுக்குப் பொருந்தாது.

வீட்டை எரிப்பது கங்கு

பெரிய சுவர்போல வரும் தீதான் வீடுகளை விழுங்குகிறது என்ற படம் நம் மனதில் பதிந்திருக்கிறது. கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில் 1990களின் இறுதியில் நடந்த உச்சித் தீப் பரிசோதனைகளில், எரியும் காட்டின் எதிரே மரச் சுவர்களை நிறுத்திப் பார்த்தார்கள். பத்து மீட்டர் தூரத்தில் இருந்த சுவர்களில் சில பற்றிக்கொண்டன. முப்பது மீட்டரில் இருந்தவை பற்றவில்லை. அப்படியானால் காட்டிலிருந்து நூறு மீட்டர் தள்ளியிருக்கும் வீடு ஏன் எரிகிறது? காற்றில் வரும் கங்கு அதன் கூரை மடிப்பில் தங்கிய சருகிலோ, திண்ணையோரம் அடுக்கிய விறகிலோ விழுந்ததால்தான். விக்டோரியாவின் 2009 தீயில் கங்குகள் 30 கிலோமீட்டருக்கு அப்பாலும் புதுத் தீயை மூட்டின. எந்தக் கோடும் அதைத் தடுக்காது.

எனவே சுவரிலிருந்து முதல் ஒன்றரை மீட்டரில் எரியக்கூடிய எதுவும் கூடாது. மண், கல், சிமென்ட் மட்டும். அடுத்த பத்து மீட்டரில் புல் கணுக்கால் அளவைத் தாண்டக் கூடாது, கிளைகள் கூரையைத் தொடக் கூடாது. கூரையின் நீர்வடி பள்ளத்தில் சருகு இல்லாமல் பார்க்க வேண்டும். காற்றோட்டத் துளைகளில் மூன்று மில்லிமீட்டர் கண் உள்ள கம்பி வலை போட வேண்டும். விறகும் வைக்கோலும் வீட்டைவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். இது ஒரு குடும்பம் ஒரு நாளில் முடிக்கக்கூடிய வேலை. பக்கத்து வீடு செய்யாவிட்டால் அதன் பயன் பாதி போய்விடும், ஏனென்றால் எரியும் வீடு காட்டைவிட நீண்ட நேரம், அதிக வெப்பத்தோடு எரியும். இதனால்தான் இதைத் தனித்தனியே விடாமல் தெருவாகச் சேர்ந்து செய்ய வேண்டியிருக்கிறது.

தொடக்கத்தைத் தடுப்பது பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவில் 1992 முதல் 2012 வரை பதிவான காட்டுத் தீக்களில் 84 சதவீதம் மனிதர்களால் தொடங்கியவை என்று ஓர் ஆய்வு காட்டியது. குப்பை எரிப்பு, அணையாத அடுப்பு, பீடித் துண்டு, கல்லில் உரசும் புல்வெட்டும் இயந்திரம், உரசும் மின்கம்பி. எரிக்காதே என்று ஆண்டு முழுவதும் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். காற்று வீசும் நாளில் முற்பகல் பதினொன்று முதல் மாலை ஐந்து வரை எந்த நெருப்பும், கல்லில் பொறி கிளப்பும் எந்த இயந்திரமும் இல்லை என்று ஊரே முடிவெடுத்தால் அது நடக்கும். சருகு காய்ந்திருப்பதும் காற்று வலுப்பதும் அந்த நேரத்தில்தான்.

பற்றிவிட்டால் நேரம்தான் எல்லாம். சீரான வேகத்தில் எல்லாப் பக்கமும் விரியும் தீயின் பரப்பு நேரத்தின் வர்க்கமாகக் கூடும். பத்தாவது நிமிடத்தில் இருந்ததைவிட முப்பதாவது நிமிடத்தில் ஒன்பது மடங்கு. அதனால் புகையைக் கண்டவர் முதலில் வனத்துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் சொல்ல வேண்டும், அணைக்கப் போவது அதன் பிறகு. சுடர் தன் இடுப்புக்கு மேல் தெரிந்தால் முகத்தை விட்டுவிட்டு, ஏற்கெனவே எரிந்து முடிந்த பக்கத்திலிருந்து பக்கவாட்டுகளை அணைத்தபடி முன்னேற வேண்டும். கறுத்த நிலம்தான் தப்பிக்கும் இடமும்.

அணைந்த பிறகுதான் அந்தக் கனமான கட்டைகளின் முறை வருகிறது. அவை தீயை ஓட்டுவதில்லை, ஆனால் நாள் கணக்கில் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். மாலையில் புகை அடங்கியதும் எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். மறுநாள் பிற்பகல் காற்று அந்தக் கட்டையை ஊதி, எரியாமல் மிஞ்சிய விளிம்பில் கங்கைப் போடுகிறது. விளிம்பிலிருந்து உள்நோக்கி முப்பது மீட்டர் வரையாவது ஒவ்வொரு கட்டையையும் வேரையும் கிளறி, தண்ணீரோ மண்ணோ கலந்து, புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு பார்க்க வேண்டும். மண் மட்டும் போட்டு மூடினால் போதாது, அடியில் கனல் உயிரோடிருக்கும். பிறகு குறைந்தது மூன்று பிற்பகல்களுக்கு, வெயில் உச்சத்துக்கு வரும் நேரத்தில், யாராவது இரண்டு பேர் அந்த விளிம்பைச் சுற்றி நடந்து வர வேண்டும்.